நீலக்கல் மோதிரத்துக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: மட்டக்களப்பில் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறேன். இரத்தினக்கல் பரிசோதனைக் கோர்ஸும் படித்திருக்கிறேன். கல் வைத்த மோதிரம் வாங்குகிறவர்கள் "சேட்டிபிக்கட் இருக்கா?" என்று கேட்பதால் நானே பெறுமதியும் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஒருவர் அதை அடகு வைக்கக் கொண்டுபோன இடத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்களாம். ஏமாற்றிவிட்டதாக வந்து சண்டை பிடித்தார். நான் என்னதான் எழுதிக் கொடுக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கொடுத்த ஒரே தாளில் மூன்று விடயங்கள் சேர்ந்துவிட்டன: கல் என்ன கல், நகை இன்று என்ன விலை, திரும்பக் கொண்டுவந்தால் எவ்வளவு கிடைக்கும். முதலாவது பரிசோதனையால் வருவது. இரண்டாவது ஒரு நோக்கத்துக்காக ஒரு திகதியில் சொல்லப்படும் அபிப்பிராயம். மூன்றாவது, நீங்கள் கொடுக்கும் வாக்கு. இவற்றைப் பிரித்து எழுதினால் அந்தச் சண்டை வர இடமில்லை.

ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 6.40 கிராம், 22 கரட் தங்கம், நடுவில் 1.50 கரட் நீலக்கல். கல் நிறுக்கும் கரட்டில் 5 கரட் ஒரு கிராம் என்பதால் கல்லின் எடை 0.30 கிராம். தங்கம் 6.10 கிராம்தான். கணக்குக்குச் சுலபமாக பவுண் 300,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் பவுணுக்கு ஒரு கிராம் 37,500 ரூபா. தங்கத்துக்கு 228,750. கல் கரட் 60,000 வீதம் 90,000. செய்கூலி 30,000. விற்பனை விலை 348,750 ரூபா.

இப்போது அடகு வைக்கும் இடத்தில் என்ன நடக்கும்? அங்கே பெரும்பாலும் கல்லையும் செய்கூலியையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். தங்கத்தின் பெறுமதியிலும் ஒரு பங்குதான் முற்பணம். எழுபது வீதம் என்று வைத்தால் 160,125 ரூபா வரும். அடகு பிடித்தவரும் பிழை செய்யவில்லை, நீங்களும் ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் தாளில் 348,750 என்ற ஒரு தொகை மட்டும் இருந்தால் வாடிக்கையாளர் வேறு எப்படி நினைப்பார்? அதனால் பற்றுச்சீட்டில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் தேறிய எடை, அன்றைய பவுண் விலை, கல்லின் விலை, செய்கூலி ஆறையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கல்லின் எடையைக் கழிக்காமல் 6.40 கிராமுக்கும் தங்க விலை போட்டால், அந்த 0.30 கிராமுக்கு 11,250 ரூபா கூடுதலாக வாங்கியதாகிவிடும். அடகுக்கடைத் தராசில் முதலில் பிடிபடுவது இதுதான்.

கல்லை மோதிரத்தில் பதிக்க முன்னரே நிறுத்துவிடுங்கள். தங்கம் நிறுக்கும் 0.01 கிராம் தராசு இதற்குப் போதாது. அதில் ஒரு புள்ளி என்பதே 0.05 கரட், மேலே சொன்ன விலையில் 3,000 ரூபா. 0.001 கிராம் வரை காட்டும், மூடியுள்ள கரட் தராசு வேண்டும். மின்விசிறி சுழலும் கடையில் மூடாமல் நிறுத்தால் கடைசி இலக்கம் நிலைக்காது.

ஏற்கெனவே பதித்த கல் என்றால் அளந்து கணிக்கலாம். நீள்வட்டக் கல்லுக்கு, நீள அகலங்களின் சராசரியை அதனாலேயே பெருக்கி, பிறகு ஆழத்தாலும், நீலத்தின் ஒப்படர்த்தி 4.00 ஆலும், 0.0020 ஆலும் பெருக்க வேண்டும். 7.5, 6.0, 4.0 மில்லிமீற்றர் உள்ள கல்லுக்கு 1.46 கரட் வரும். நம் நாட்டில் எடை குறையாமலிருக்க அடிப்பக்கத்தை வயிறு தள்ளியபடி வெட்டுவது வழக்கம். அப்படிப்பட்ட கல்லுக்கு மூன்று வீதம் போலச் சேர்த்தால் 1.50 ஆகும். எப்படியிருந்தாலும் "கணித்த எடை" என்றே எழுதுங்கள்.

அடுத்தது, கல்லின் பெயர். நீங்கள் படித்த படிப்பு இங்கே உதவும், எல்லையும் இங்கேதான் இருக்கிறது. ஒளிமுறிவுமானியில் 1.762, 1.770 என்று இரு வாசிப்பு வந்தால் அது கொரண்டம், அதாவது நீலக்கல் இனம். 1.718 அருகே ஒரே வாசிப்பு என்றால் ஸ்பினல். ஆனால் உலையில் செய்த செயற்கை நீலமும் அதே 1.762, 1.770தான் காட்டும், ஏனெனில் அதுவும் கொரண்டமே. அதைப் பிரிப்பது உள்ளே தெரியும் அடையாளங்கள். சுடர் முறையில் செய்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து போகும், சில வேளை உருண்டையான காற்றுக் குமிழிகளும் இருக்கும். இயற்கைக் கல்லில் நேரான, கோணம் திரும்பும் நிற வலயங்கள், பட்டு நூல் போன்ற மெல்லிய ஊசிகள், கைரேகை போன்ற படலங்கள் காணப்படலாம். பத்து மடங்கு லென்சில் எதுவுமே தெரியாத, துப்புரவான, ஆழ்ந்த நீலக் கல் மலிவாகக் கைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள்.

இலங்கை நீலங்களில் சூடேற்றியவை ஏராளம். பால் நிறக் கெவுடாக் கல்லைச் சூடாக்கி நீலமாக்குவது ஊரறிந்த தொழில், அதில் குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ஊசிகள் புள்ளி புள்ளியாக உடைந்திருப்பதும், உள்ளிருக்கும் சிறு படிகத்தைச் சுற்றித் தட்டுப்போல வெடிப்பு நிற்பதும் சூட்டின் அறிகுறி. ஆனால் அறிகுறி இல்லாததை வைத்து "சூடேற்றாதது" என்று உங்கள் கடைத் தாளில் எழுதாதீர்கள். குறைந்த சூடு தடம் விடாமல் போகலாம், நிறத்தை மாற்றப் பெரிலியம் ஊட்டிச் சூடேற்றிய கற்களை உறுதிசெய்ய விலையுயர்ந்த கருவிகள் தேவை. சூடேற்றாதது என்ற ஒரு சொல்லே விலையைப் பெரிதும் மாற்றும் என்பதால், அதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். அவர்களும் "சூட்டின் அடையாளம் காணப்படவில்லை" என்ற அளவில்தான் எழுதுவார்கள்.

கொழும்பில் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையிடம் பரிசோதனை வசதி உண்டு. கல்லைப் பதிக்க முன், தனியாக அனுப்புங்கள். பின்புறம் மூடிய மோதிரத்தில் உள்ள கல்லை முழுமையாகப் பார்க்க முடியாததால் அறிக்கையும் அந்த வரம்போடுதான் வரும். அரைக் கரட்டுக்குக் குறைந்த சாதாரணக் கல்லுக்கு இந்தச் செலவு தேவையில்லை. "இயற்கை நீலம், எங்கள் பரிசோதனைப்படி" என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். "ஒரிஜினல்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். அது இயற்கையா, செயற்கையா, சூடேற்றியதா எதையும் சொல்வதில்லை.

ஆய்வுகூட அறிக்கையில் விலை இருக்காது. வாடிக்கையாளரிடம் கல்லைக் கொடுக்கும்போது அறிக்கையிலுள்ள எடையையும் மூன்று அளவுகளையும் அவர் முன்னாலேயே ஒப்பிட்டுக் காட்டுங்கள். 1.50 கரட் அறிக்கை ஒன்று 1.43 கரட் கல்லோடு வந்தால் அது வேறு கல்.

பெறுமதிச் சான்று வேண்டுமென்று கேட்டால், "எதற்கு?" என்று முதலில் கேளுங்கள். காப்புறுதிக்கு என்றால் அதே போல மற்றொன்று வாங்க ஆகும் செலவு. தாயின் நகையைச் சகோதரிகள் பங்கிட என்றால் இன்று விற்றால் கைக்கு வரும் தொகை. இரண்டும் ஒரே மோதிரத்துக்கு நன்றாக வேறுபடும், அதனால் நோக்கமும் திகதியும் பவுண் விலையும் தாளின் தலையிலேயே இருக்க வேண்டும். நீங்கள் விற்ற நகைக்கு நீங்களே போடும் பெறுமதி விலைச்சீட்டுக்கு மேல் நிற்காது. அந்த நகையை விற்பதிலும் வாங்குவதிலும் பங்கில்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அனுப்புங்கள். பெறுமதியில் இத்தனை வீதம் என்று கூலி கேட்பவரைத் தவிருங்கள். தொகையைக் கூட்டினால் அவர் கூலியும் கூடும்.

மூன்றாவதாக, பற்றுச்சீட்டின் அடியில் திரும்ப எடுக்கும் நிபந்தனையை ஒரே வரியில் எழுதுங்கள்: "தங்கம் 6.10 கிராம் அன்றைய விலையில் இத்தனை வீதம் கழித்து, கல் சேதமின்றி இருந்தால் இத்தனை ரூபா, செய்கூலி திரும்பாது." வீதத்தையும் தொகையையும் வெறுமையாக விடாமல், வாங்குகிறவர் காசு கொடுக்க முன் நிரப்பி, வாசித்துக் காட்டி, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.