டெஸ்ட் மெசேஜ் போனால் படமும் போய்விடாது

கேள்வி: பள்ளியில் வகுப்புக்கென்று ஒரு சாட் செயலி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரப் பாடத்தில் நான் படம் அனுப்ப வேண்டும், பிள்ளைகளும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வசதி ஒழுங்காக வேலை செய்யுமா என்று முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது?

பதில்:

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, உங்கள் போனிலிருந்தே ஒரு படத்தை அனுப்பிப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது போயும் இருக்கும். ஆனால் உங்கள் கணக்கில், உங்கள் போனில், உங்கள் மொபைல் டேட்டாவில் படம் போகிறது என்பதுதான் அதிலிருந்து தெரியும். பிள்ளைகளுக்கு இந்த மூன்றுமே வேறு.

நான் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். அவரை வேர், மக்காச்சோள வேர் இரண்டையும் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் செய்முறை வகுப்பு வந்தது. மேசைக்கு ஒரு டேப்லெட். அதன் கேமராவைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படம் எடுத்து, வகுப்பு சாட்டில் போட்டு, பாகங்களைக் குறிக்க வேண்டும் என்பது திட்டம். முந்தின நாள் சாயங்காலம் ஆளில்லாத லேபில் ஒரு டேப்லெட்டோடு உட்கார்ந்தேன். ஆபீஸில் சொல்லி, மாணவர் பிரிவில் ஒரு மாதிரிக் கணக்கு போட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பக்கம் போன கெமிஸ்ட்ரி சார், “என்ன டீச்சர், தீயணைப்பு ஒத்திகையா?” என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும்.

என் போனிலிருந்து “வணக்கம்” அனுப்பினேன், டேப்லெட்டில் உடனே வந்தது. அடுத்து வேரின் படத்தை அனுப்பினேன். சாம்பல் நிறக் கட்டம் ஒன்று வந்து நடுவில் வட்டம் சுற்றியது, அவ்வளவுதான். என் போனில் அதே படம் பளிச்சென்று இருந்தது. அனுப்பியவர் திரையை நம்பவே கூடாது. பல செயலிகள் படம் ஏறி முடிவதற்கு முன்பே, போனில் இருக்கும் படத்தை எடுத்து அங்கே காட்டிவிடும். பெற்றவர் திரையில் வந்தால்தான் வந்தது.

என் போனை ஹாட்ஸ்பாட் ஆக்கி டேப்லெட்டை அதில் இணைத்தேன். படம் வந்துவிட்டது. அப்படியானால் கணக்கிலும் படத்திலும் கோளாறு இல்லை, பள்ளி வைஃபைதான் தடுக்கிறது. நெட்வொர்க் பார்க்கும் தம்பியிடம் சொன்னால், “மெசேஜ் போகுதுல்ல டீச்சர், அதே ஆப்தானே?” என்கிறார். ஆப் ஒன்றுதான், பாதை இரண்டு. இந்த மாதிரி செயலிகளில் எழுத்து ஒரு சர்வருக்குப் போகும், படம் பெரும்பாலும் வேறு முகவரியில் உள்ள சேமிப்பிடத்திலிருந்து வரும். பள்ளி ஃபயர்வாலில் முதல் முகவரியை மட்டும் அனுமதித்திருந்தார்கள். லேப் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அதே சாட்டைத் திறந்து F12 அழுத்தி, `Network` பகுதியில் சிவப்பாக நின்ற வரியைக் காட்டினேன். முகவரி அங்கேயே இருந்தது. அதையும் அனுமதித்தார், வேலை முடிந்தது.

இதைச் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்த படத்தை அனுப்புங்கள். ஒருமுறை திறந்த படத்தைக் கருவி தனக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை நெட் தடுத்தாலும் அதை எடுத்துக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

ஹாட்ஸ்பாட்டிலும் படம் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். அதே படத்தை ஆசிரியர் கணக்கிலிருந்தும் மாணவர் கணக்கிலிருந்தும் அனுப்பிப் பாருங்கள். ஆசிரியர் கணக்கில் போய், மாணவர் கணக்கில் போகவில்லையா? மாணவர் பிரிவுக்குப் படம் அனுப்பும் உரிமை அட்மின் பக்கத்தில் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி மூடி வைப்பது தப்பில்லை, ஆனால் திறக்கச் சொல்ல ஒரு நாளாவது முன்னால் தெரிய வேண்டும். இரண்டிலும் போகவில்லை என்றால் படத்தைச் சந்தேகப்படுங்கள். ஐபோனில் எடுத்த படம் `.heic` என்று முடிந்தால் சில செயலிகளுக்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கும் அது புரியாது. போனின் கேமரா அமைப்பில் `Formats` என்ற இடத்தில் `Most Compatible` வைத்தால் அடுத்த படங்கள் `.jpg` ஆக வரும். பிரவுசரில் 413 என்ற எண் தெரிந்தால் படம் அளவுக்கு மீறிப் பெரியது.

சரி, படம் வந்துவிட்டது. வந்த படம் உதவுமா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. அவரை வேரின் நடுவில் தண்ணீர் கடத்தும் சைலம் நான்கு கைகளாக நிற்கும். மக்காச்சோள வேரில் கைகள் நிறைய. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பிள்ளைகள் இருவிதையிலை, ஒருவிதையிலை என்று பிரிக்க வேண்டும். செயலி படத்தைச் சுருக்கி அனுப்பினால் நான்கு கையும் சேர்ந்து ஒரு கருந்திட்டு ஆகிவிடும். அதனால் டேப்லெட்டில் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, கைகளை எண்ணிப் பார்த்தேன். உங்கள் பாடம் கணக்கு என்றால் நோட்டில் பென்சிலால் எழுதிய ஒரு அடுக்குக்குறி எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, மறுபக்கம் அதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மங்கினால் ‘ஒரிஜினல்’, ‘எச்டி’ என்று ஏதாவது தெரிவு இருக்கிறதா தேடுங்கள். இல்லையென்றால் முழுப் பக்கத்தை எடுக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் நெருங்கி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவது. இதைத் தனியாக உட்கார்ந்து சோதிக்க முடியாது, கணக்குப் போடலாம். சுருக்காத படம் ஒன்று 4 எம்பி, பிள்ளைகள் 40 பேர் என்றால் 160 எம்பி. பள்ளி நெட்டின் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1.25 எம்பிதான் ஏறும், அதனால் வேறு யாரும் நெட்டைத் தொடாவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிள்ளைகள் போகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவார்கள், இன்னும் நெரியும். மேசைக்கு ஒரு படம், வரிசைப்படி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

“இதற்கு இவ்வளவு பாடா, வாட்ஸ்அப் குரூப் போதாதா” என்று கீழே யாராவது வருவீர்கள், தெரியும். சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பிள்ளைகளின் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், என் நம்பரும் சேர்த்து. ராத்திரி பதினொரு மணிக்கு “மிஸ் நாளைக்கு டெஸ்டா” என்று வருவதை அனுபவித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இல்லைதான். செயலியை வாங்கும்போது டெமோவை நிர்வாகத்துக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் அறையில் குளிர்சாதனம், தனி நெட், பெரிய டிவி. லேபில் சுவரைத் தாண்டி வைஃபை வருகிறதா என்று எங்களை யாரும் கேட்பதில்லை. வந்த பிறகு “பயன்படுத்தினீர்களா” என்று பதிவேட்டில் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு பல்பு கேட்டுப் போட்ட கடிதம் இன்னும் ஃபைலில் தூங்குகிறது.

போகட்டும். சோதனையில் ஏதாவது சிக்கினால் எந்தக் கணக்கு, எந்தக் கருவி, வைஃபையா ஹாட்ஸ்பாட்டா, எத்தனை மணிக்கு, திரையில் என்ன வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, திரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் உங்கள் நெட்வொர்க் ஆளிடம் போங்கள். வெறுமனே “படம் வரலை” என்று சொன்னால் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மிஸ்” என்பதோடு அனுப்பிவிடுவார்.