மேனேஜரைத் தாண்டி மேல மெயில் போடறப்போ

கேள்வி: என் மேனேஜர்கிட்ட ஒரு அப்ரூவல் வாரக்கணக்கா தூங்குது. எத்தனையோ தடவை கேட்டாச்சு, "பாக்கறேன்"னு மட்டும்தான் பதில் வருது. அவரோட மேனேஜர்கிட்ட போகலாமா? அவரைப் பகைச்சுக்காம எப்படி போறது? பழைய மெயில் எல்லாத்தையும் ஆதாரமா அட்டாச் பண்ணணுமா?

போகலாம். ஆனா உங்க பொறுமை தீர்ந்துபோச்சுன்னு போகாதீங்க, ஒரு தேதி நெருங்குதுன்னு போங்க. அந்தத் தேதியும் நீங்களா வச்ச டெட்லைனா இல்லாம, தாண்டுனா நிஜமாவே ஏதோ ஒண்ணு நிக்கப்போற தேதியா இருக்கணும். எங்க ஆபீஸ்ல பக்கத்து டீம்ல நடந்ததை வச்சே சொல்றேன், அந்த மெயில் போறதுக்கு முன்னாடி நான் உக்காந்து படிச்சேன், அதனால உள்ள என்ன இருந்துச்சுன்னு நல்லாவே தெரியும்.

டெஸ்டிங் பாக்கற ஒரு பொண்ணு. அவங்க டீம் தினமும் ஓட்டற ஒரு டூலோட லைசென்ஸ், 40 பேருக்கு 40 சீட், ஜூன் 30ஓட முடியுது. ரினியூவல் ரிக்வெஸ்ட்டை மே 19 அன்னைக்கே போட்டுட்டா. மேனேஜர் அப்ரூவ் பண்ணணும், அப்புறம் பர்ச்சேஸுக்குப் போகணும், பர்ச்சேஸ்காரங்களுக்கு 10 வொர்க்கிங் டே வேணும். ஜூன் ஆரம்பிச்சும் மேனேஜர்கிட்ட இருந்து நகரல. "அக்கா, பேசாம மேடம்கிட்டயே போயிடட்டுமா"ன்னு வந்து நின்னா, மேடம்னா அவ மேனேஜரோட மேனேஜர். எந்தத் தேதிக்குள்ள அப்ரூவ் ஆகணும்னு கேட்டேன், ஜூன் 30ன்னா. அங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. பின்னாடி இருந்து எண்ணிப் பாருங்க, சனி ஞாயிறைக் கழிச்சா பர்ச்சேஸ் ஜூன் 16 திங்கக்கிழமை ஆரம்பிச்சாதான் 27 வெள்ளிக்கு முடியும், அப்படின்னா அப்ரூவல் ஜூன் 13 வெள்ளி சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும். அவளுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கற மாதிரி தெரிஞ்சது, நிஜத்துல ரெண்டு வாரம்கூட இல்ல. இந்தக் கணக்கு மேனேஜருக்கும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா அவ அனுப்புன ரிமைண்டர்ல எல்லாம் "30ஆம் தேதி முடியுது சார்"னுதான் இருந்துச்சு, அவரும் 30க்கு இன்னும் நாள் இருக்குன்னு அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார்.

அடுத்து, அவர்கிட்ட நீங்க கேட்ட கேள்வியையே ஒரு தடவை திரும்பப் படிங்க. "சார், அந்த ரினியூவல் என்னாச்சு"ன்னு கேட்டா "பாக்கறேன்"னுதான் பதில் வரும், வேற என்ன வரும்? ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி கேக்கணும்: "40 சீட்டுக்கு இந்த வெள்ளிக்குள்ள அப்ரூவ் பண்ண முடியுமா, இல்ல எண்ணிக்கைல ஏதாச்சும் யோசனை இருக்கா சார்?" இப்படிக் கேட்டும் பதில் இல்லன்னாதான் அது நிஜமாவே நின்னுபோன வேலை. சில சமயம் அவர் மனசுக்குள்ள வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு சொல்லாம இருப்பார், அது தெரியாம நீங்க மேல போனா அவர் எடுத்த முடிவை எதிர்த்துப் போன மாதிரி ஆயிடும், அது வேற சண்டை.

இப்போ ரெக்கார்டு. இதை எஸ்கலேட் பண்ற அன்னைக்கு உக்காந்து தேடிச் சேக்காதீங்க, முதல் ரிமைண்டர்ல இருந்தே சேரணும். ஒவ்வொரு ரிமைண்டரையும் புது மெயிலா போடாம அதே த்ரெட்லயே ரிப்ளை பண்ணுங்க, அப்போ தேதி எல்லாம் தானா வரிசையா நிக்கும். வாயால பேசுனது இருந்தா அன்னைக்கே ரெண்டு வரி மெயில்: "சார், காலைல பேசுனபடி இந்த வாரத்துக்குள்ள பாக்கறேன்னு சொன்னீங்க, வெள்ளிக்கிழமை ஒரு தடவை கேக்கறேன்." மிரட்டற தொனி இல்லாம, பேசுனதைக் குறிச்சு வைக்கற மாதிரி இருக்கணும். உங்களுக்குன்னு வச்சுக்கற குறிப்புல தேதி, எங்க கேட்டீங்க, என்ன கேட்டீங்க, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, இவ்வளவு போதும். "கண்டுக்கவே இல்ல", "வேணும்னே இழுத்தடிக்கறார்" எல்லாம் அதுல ஏறக் கூடாது. அந்தக் குறிப்பு ஒருநாள் அவர் கண்ணுலயே பட்டாலும் அவரால ஒரு வரியைக்கூட மறுக்க முடியாத மாதிரி இருக்கணும், எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் அது ஒண்ணுதான்.

மேல போறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே சொல்லிட்டுப் போங்க. நிறைய பேர் தயங்கறது இங்கதான், ஆனா பகை வராம இருக்கறதே இதாலதான். அந்தப் பொண்ணு ஜூன் 9 திங்கக்கிழமை இப்படி அனுப்புனா: "சார், பர்ச்சேஸுக்கு 10 வொர்க்கிங் டே வேணும்ங்கறதால இந்த 13ஆம் தேதிக்குள்ள அப்ரூவல் வேணும். உங்களுக்கு இப்போ ரிலீஸ் வேலை அதிகம்னு தெரியும். புதன் மதியம் வரைக்கும் பாக்கறேன், அதுக்குள்ள முடியலன்னா உங்களையும் வச்சு மேடம்கிட்ட ஒரு முடிவு கேட்டு மெயில் போடட்டுமா? நீங்களே பேசறேன்னா இன்னும் நல்லது." மேனேஜர்கள் பாதிப் பேர் இந்த மெயிலுக்கே அசைஞ்சிடுவாங்க. இவர் அசையல. வேண்டாம்னும் சொல்லல. ஒருவேளை "போடாத, நான் பாத்துக்கறேன்"னு பதில் வந்தா, எந்தத் தேதிக்குள்ளன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு அது வரைக்கும் நிறுத்துங்க.

புதன் மதியம் தாண்டி மேடத்துக்குப் போன மெயில் இது. சப்ஜெக்ட், "13 ஜூனுக்குள் முடிவு தேவை: டெஸ்டிங் டூல் லைசென்ஸ்".

"வணக்கம் மேடம், எங்கள் டெஸ்டிங் டூலின் லைசென்ஸ் ஜூன் 30 அன்று முடிகிறது. பர்ச்சேஸுக்கு 10 வேலை நாள் தேவைப்படுவதால் வெள்ளி 13ஆம் தேதிக்குள் அப்ரூவல் கிடைத்தால் இடைவெளி இல்லாமல் புதுப்பிக்கலாம். தவறினால் ஜூலை 1 முதல் தினசரி ரிக்ரஷன் ரன் நின்றுவிடும், ஜூலை ரிலீஸுக்கு அதைக் கையால் செய்ய வேண்டிவரும்.

இதுவரை: மே 19 ரிக்வெஸ்ட் போட்டேன். மே 27 நினைவூட்டினேன். ஜூன் 2 சாருடன் பேசினேன், அந்த வாரம் பார்ப்பதாகச் சொன்னார். ஜூன் 9 கடைசித் தேதியைக் குறிப்பிட்டு எழுதினேன். சார் ரிலீஸ் வேலையில் இருப்பதால் இது பெண்டிங்கில் உள்ளது.

இப்போதுள்ள 40 சீட்டையும் புதுப்பிக்கலாம், அல்லது கடந்த 3 மாதம் உண்மையில் பயன்பட்ட 28 சீட்டை மட்டும் புதுப்பிக்கலாம். எனக்கு 28 போதும் என்று தோன்றுகிறது. நீங்களோ சாரோ எதைச் சொன்னாலும் இன்றே பர்ச்சேஸுக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறேன்."

இதுல என்னென்ன இல்லைன்னு கவனிங்க. மேனேஜர் பேருக்குப் பக்கத்துல ஒரு குறை வார்த்தை கிடையாது, "பதில் வரல"ன்னுகூட இல்ல, "பெண்டிங்"தான். ரெக்கார்டு ஒரே பத்தில முடிஞ்சிடுது. அட்டாச்மெண்ட் எதுவும் இல்ல, பழைய த்ரெட் மட்டும் கீழ தொங்குது, வேணும்ங்கறவங்க இறக்கிப் படிச்சுக்குவாங்க. சாட் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, நீங்க எவ்வளவு நல்ல எண்ணத்துல போட்டாலும் படிக்கறவங்களுக்கு கேஸ் கட்டற மாதிரிதான் தெரியும், அதுக்கப்புறம் அவங்க வேலையை விட்டுட்டு உங்க ரெண்டு பேரோட விவகாரத்தைப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. மேனேஜர் பேர் மெயிலோட "To" வரியிலயே இருந்துச்சு, மேடத்தோட பேருக்குப் பக்கத்துல. சிசின்னாலும் பரவாயில்ல, ஆனா பிசிசி வேண்டவே வேண்டாம், பிசிசில இருக்கறவர் ரிப்ளை ஆல் அடிச்சா மொத்தமும் வெளிய வந்திடும். அனுப்பற நேரமும் முக்கியம், சாயங்காலம் கிளம்பறப்போ தட்டிவிட்டுட்டுப் போகாதீங்க, அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச வழியே இல்லாம ராத்திரி முழுக்க அதையே நினைச்சுட்டு இருப்பார்.

மேடம் உடனே அவளைத்தான் கூப்பிட்டாங்க, "ஏன், அவர் கவனிக்கறதே இல்லயா?"ன்னு. இந்தக் கேள்வி வரும்னு எதிர்பாத்து வச்சுக்கோங்க, மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடலாம்னு நாக்கு துடிக்கும். அவ சொன்னது, "அவருக்கு ரிலீஸ் லோடு மேடம், எனக்கு இந்த ஒரு முடிவு மட்டும் கிடைச்சாப் போதும்." உண்மையும் அதுதான், அதுக்கு மேல அவளுக்குத் தெரியாது. அப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு: டூல் செலவைக் குறைக்கணும்னு பட்ஜெட் மீட்டிங்ல அவர்கிட்ட சொல்லியிருக்காங்க, 40க்கு கையெழுத்துப் போட்டா மாட்டிப்போம், வேண்டாம்னா டீம் நிக்கும், மேல போய் கேக்கவும் சங்கடம், அப்படியே வச்சிட்டார். நின்னுபோற அப்ரூவல் நிறைய இப்படித்தான், சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிட்டுப் போனா தப்பா எழுதுவீங்க. மேடம் 28க்கு ஓகே சொல்ல, வியாழக்கிழமை அவர் கையாலயே அப்ரூவல் வந்துச்சு. அவ அதே த்ரெட்ல ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லி, பர்ச்சேஸ் நம்பரையும் போட்டு மூடுனா. அந்தக் கடைசி ரிப்ளையை விட்டுடாதீங்க, இல்லன்னா மேடத்தோட மெயில் பாக்ஸ்ல அது தீராத பிரச்சனையாவே கெடக்கும்.

மேல இருந்தும் பதில் வரலன்னா, தேதி தாங்கற அளவுக்கு ஒரு நாள் விட்டு, த்ரெட்லயே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, இல்ல ரெண்டு நிமிஷம் நேர்ல கேளுங்க. அதுக்கும் மேல இருக்கறவங்களைச் சேக்காதீங்க. "13 தாண்டினா ஜூலை 1ல இருந்து ரன் நிக்கும், அதுக்கு மாத்து ஏற்பாடா ரிலீஸுக்கு கையால டெஸ்ட் பண்ண ஆள் ஒதுக்கி பிளான் போடறேன்"னு எழுதிட்டு அந்த பிளானை ஆரம்பிச்சிடுங்க. "உங்க மேனேஜர்கிட்டயே பேசிக்கோங்க"ன்னு திருப்பிவிட்டாங்கன்னா, அந்த மெயிலோட அவர்கிட்ட போய், மேடம் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க சார், 28ஆ 40ஆன்னு கேளுங்க. இப்போ அவரால "பாக்கறேன்"னு சொல்லிட்டு வைக்கறது கொஞ்சம் கஷ்டம்.

ஒண்ணு மட்டும். நான் சொன்னது எல்லாம் நின்னுபோன வேலைக்கு. சம்பளத்தைப் பிடிச்சு வச்சிருக்கார், மரியாதை இல்லாம பேசறார், கணக்குல ஏதோ தில்லுமுல்லு நடக்குதுன்னா இந்த ரூட்ல போகாதீங்க, அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம். நேரா ஹெச்ஆர், இல்ல கம்பெனில புகாருக்குன்னு வச்சிருக்கற வழி, அங்க இந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கண்டிப்பா வேணும்.