x-ஆல் வகுத்தேன், விடை காணோம்: மாட்டுங்கா ட்யூஷன் சார் பதில்கள்

சார், f(x) = x⁴ − 8x²-க்கு மேக்ஸிமம், மினிமம் எங்கே என்று கேள்வி. டெரிவேட்டிவ் 4x³ − 16x = 0 வரை சரி. 4x-ஆல் வகுத்து x = ±2 என்று முடித்தேன். பாதி மார்க்தான். (தாராவி மாணவன்)

வகுத்த இடத்தில்தான் x = 0 தொலைந்தது. x பூஜ்யமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதால் வகுக்கக் கூடாது. பொதுவாக வெளியே எடு: 4x(x − 2)(x + 2) = 0. இப்போது 0, 2, −2 மூன்றும் கிடைக்கும். ±2-இல் f-இன் மதிப்பு −16, பூஜ்யத்தில் 0. இரண்டு பள்ளம் இருந்தால் நடுவே ஒரு மேடு இருந்தே தீரவேண்டும் இல்லையா? உன் விடையில் அந்த மேட்டைக் காணோம். வெட்டு விழாத வளைவில் அடுத்தடுத்து இரண்டு மினிமம் வந்தாலே சந்தேகப்படு.

அதே கணக்கில் f எங்கே ஏறுகிறது என்று கேட்டால்? 4x³ − 16x > 0. இங்கே பூஜ்யம் விடையில் சேராது, அதனால் 4x-ஆல் வகுக்கலாம்தானே? x² > 4. (முலுண்ட்)

பூஜ்யம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் x மைனஸாக இருந்தால் குறி திரும்பும், அதை விட்டுவிட்டீர்கள். உங்கள் விடைப்படி x = −3-இல் ஏறவேண்டும். போட்டுப் பாருங்கள்: −108 + 48 = −60, இறங்குகிறது. x = −1-இல் 12 வரும், அங்கேதான் ஏறுகிறது. சரியான விடை −2 < x < 0, அப்புறம் x > 2. நான் இப்படிப்பட்ட கணக்கில் வகுப்பதே இல்லை. காரணிகளை ஒரு கோட்டில் குறித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பேன்.

என் பெண் x + 5 > 2-க்கு x < −3 என்று எழுதுகிறாள். மைனஸ் வந்தால் திருப்பணும் என்கிறாள். (செம்பூர், ஒரு அம்மா)

விடையில் மைனஸைப் பார்த்ததும் கை திருப்பிவிடுகிறது அம்மா. கழித்தால் குறி திரும்பாது. மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோதான் திரும்பும். x-க்கு 0 போடச் சொல்லுங்கள்: 5 > 2 உண்மை, ஆக 0 விடைக்குள் இருக்கவேண்டும். அவள் விடையில் இல்லை.

1/(2x³)-ஐ 2x⁻³ என்று மேலே தூக்கி, −6x⁻⁴ எழுதினேன். அடுக்கு விதி சரியாகத்தானே போட்டேன்? (தாணே)

அடுக்கு x-க்கு மட்டும்தான். 2 கீழேயே இருக்கும்: ½x⁻³, டெரிவேட்டிவ் −(3/2)x⁻⁴. கால்குலேட்டரில் x = 1-க்கு 0.5, 1.01-க்கு சுமார் 0.4853. வித்தியாசத்தை 0.01-ஆல் வகுத்தால் −1.47 பக்கம். −1.5-க்குப் பொருந்துகிறது, −6 கிட்டவே வரவில்லை.

நடுவில் ஒரு அல்ஜீப்ரா தப்பு, அப்புறம் முறை எல்லாம் சரி என்றால் மார்க் உண்டா? (தாராவி மாணவன், மறுபடியும்)

திருத்துபவரைப் பொறுத்தது. நான் கொடுப்பேன். என்னோடு பாடம் எடுக்கும் நண்பர் கொடுக்கமாட்டார். வருஷக்கணக்கில் இதில் எங்களுக்குள் சண்டை.