கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்களும் ஜனவரி 6உம்

கேள்வி: கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்? ஜனவரி 6 அன்று வரும் திருக்காட்சி விழா அந்தப் பன்னிரண்டில் ஒன்றா, அல்லது அதற்கு மறுநாளா? ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்களே.

டிசம்பர் 25ஐ முதல் நாளாக எண்ணினால் பன்னிரண்டாம் நாள் ஜனவரி 5 ஆகிறது. திருக்காட்சி விழா அதற்கு மறுநாள். டிசம்பர் 26ஐ முதல் நாளாக எண்ணினால் பன்னிரண்டாம் நாள் ஜனவரி 6 ஆகிவிடுகிறது. அப்போது அந்த விழாவே பன்னிரண்டில் கடைசி நாள். இரண்டு கணக்குகளும் வழக்கில் இருப்பதால்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். என்றாலும் இரண்டையும் சம எடையுள்ளவையாக நான் கருதவில்லை. திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி தெளிவாக முதல் கணக்கின் பக்கமே நிற்கிறது.

அதற்கான சான்று ஜனவரி 1ஆம் தேதியிலேயே இருக்கிறது. குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிட்டதாக லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அதை நினைவுகூரும் நாளாகத் திருச்சபை நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வந்தது ஜனவரி 1ஐத்தான். டிசம்பர் 25ஐ ஒன்று என்று வைத்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 31ஆம் தேதி ஏழாவது நாள், ஜனவரி 1 எட்டாவது நாள். 26இலிருந்து தொடங்கினால் ஜனவரி 1 ஏழாவது நாளாகிவிடும், நற்செய்தியோடு பொருந்தாது. கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்தாலும் இதுவே தெரியும்: விழாவை எட்டு நாட்களுக்கு நீட்டிக் கொண்டாடுவதே எண்கிழமை; டிசம்பர் 29ஆம் தேதி கிறிஸ்து பிறப்பு எண்கிழமையின் ஐந்தாம் நாள் என்றே குறிக்கப்படுகிறது. தொடக்க நாளையும் சேர்த்து எண்ணுவது பழைய உலகின் பொது வழக்கம். வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை ‘மூன்றாம் நாள்’ உயிர்த்தெழுந்தார் என்று நாம் தயக்கமின்றிச் சொல்வதும் இதே கணக்கில்தான். எட்டு வரை இப்படி எண்ணிக்கொண்டு வந்தவர்கள் ஒன்பதாம் நாளில் கணக்கை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படியே தொடர்ந்தால் ஜனவரி 2 ஒன்பது, 3 பத்து, 4 பதினொன்று, 5 பன்னிரண்டு.

அப்படியானால் 26இலிருந்து எண்ணும் கணக்கு எங்கிருந்து வந்தது? அது அறியாமையால் பிறந்ததல்ல. பெருவிழாவைத் தனியே வைத்துவிட்டு, அதற்குப் பின் எத்தனை நாட்கள் கழிந்தன என்று எண்ணும் முறை அது. 6 வரும்போது 25இலிருந்து பன்னிரண்டு நாட்கள் கழிந்திருக்கும். இங்கிலாந்தில் ஜனவரி 6ஐயே பன்னிரண்டாம் நாள் என்று அழைக்கும் பழைய வழக்கம் இப்படி வந்ததுதான். ஆகவே ஒரு கணக்கு நாட்களின் வரிசையைச் சொல்கிறது, மற்றொன்று கடந்து சென்ற இடைவெளியைச் சொல்கிறது. இரண்டும் தம்மளவில் பிழையற்றவை. ஒன்றின் விடையை எடுத்துக்கொண்டு மற்றொன்றின் தொடக்கத்தோடு ஒட்ட வைக்கும்போதுதான் பிழை நேர்கிறது. ‘டிசம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாட்கள்’ என்று எழுதியிருப்பதை நீங்கள் பலமுறை பார்த்திருக்கலாம். இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் அது பதின்மூன்று. ஒரு பட்டியல் சரியானதா என்று அறிய வேண்டுமானால் முதல் நாளையும் கடைசி நாளையும் மட்டும் பாருங்கள். 25 என்று தொடங்கினால் 5 என்று முடிய வேண்டும், 26 என்று தொடங்கினால் 6 என்று முடிய வேண்டும்.

குழப்பத்தின் உச்சம் ‘பன்னிரண்டாம் இரவு’ என்பதில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அலங்காரங்களை அந்த இரவுக்குள் கழற்றிவிட வேண்டும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் வேரூன்றியிருப்பதால், அது 5ஆம் தேதி இரவா, 6ஆம் தேதி இரவா என்ற விவாதம் ஆண்டு தவறாமல் எழுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் கணக்கின்படி பன்னிரண்டாம் நாள் 5 என்பதால், அந்த நாளை முடித்து வைக்கும் இரவு 5ஆம் தேதி இரவு. இரண்டாம் கணக்கின்படி பன்னிரண்டாம் நாள் 6. ஆனால் திருச்சபையின் வழக்கத்தில் ஒரு பெருவிழா அதற்கு முந்தைய மாலை வழிபாட்டிலேயே தொடங்கிவிடுகிறது, எனவே அந்த நாளின் இரவு என்பது 5ஆம் தேதி மாலையில் தொடங்கும் இரவே. நாட்களை விட்டுவிட்டு 25க்கும் 6க்கும் நடுவே வரும் இரவுகளை மட்டும் எண்ணினாலும், 25 கழிந்து 26 விடியும் இரவை ஒன்று என்று கொண்டால், 5 கழிந்து 6 விடியும் இரவு மிகச் சரியாகப் பன்னிரண்டாவது. நாள் எது என்பதில் முரண்படும் கணக்குகள் இரவு எது என்பதில் இப்படி ஒன்றுபட்டுவிடுகின்றன. 6ஆம் தேதி இரவு என்ற விடை கிடைக்க வேண்டுமானால், நாளை 26இலிருந்தும் எண்ண வேண்டும், அந்த நாள் விடியலில்தான் தொடங்குகிறது என்றும் கொள்ள வேண்டும்.

இனி, ஏன் பன்னிரண்டு? யாரோ திட்டமிட்டுப் பன்னிரண்டு நாள் விழாவொன்றை அமைத்தார்கள் என்று எண்ணத் தோன்றும். பன்னிரு சீடர்களைக் குறிக்கிறது என்பது போன்ற விளக்கங்களும் உலவுகின்றன. வரலாறு அப்படி நடக்கவில்லை. இரு வேறு பகுதிகளில் தனித்தனியே வளர்ந்த இரண்டு விழாக்கள் பின்னாளில் ஒரே நாட்காட்டியில் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு நடுவே எஞ்சிய இடைவெளியே இந்தப் பன்னிரண்டு நாட்கள்.

டிசம்பர் 25 ரோமைச் சார்ந்தது. 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ரோமானிய ஆவணம் ஒன்றில் கிறிஸ்து பிறந்த நாளாக அது இடம்பெற்றிருக்கிறது. ஜனவரி 6 கிழக்கைச் சார்ந்தது. அங்கே அது முதன்மையாக இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூரும் நாளாக விளங்கியது. சில இடங்களில் அவருடைய பிறப்பும் அதே நாளில் கொண்டாடப்பட்டது. நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரு பகுதிகளும் ஒன்றின் விழாவை மற்றொன்று ஏற்கத் தொடங்கின. 386ஆம் ஆண்டையொட்டி அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் 25 விழா தங்கள் ஊருக்கு அறிமுகமாகி இன்னும் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிடுகிறார். பிறப்பு 25ஆம் தேதிக்கு நகர்ந்தபின் கிழக்கில் ஜனவரி 6 திருமுழுக்குக்கு உரியதாக நிலைத்தது. மேற்கிலோ கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து குழந்தையை வணங்கிய நிகழ்ச்சி அந்த நாளில் முன்னணிக்கு வந்தது. ஒரே தேதியில் ஒரு சபையில் தண்ணீர் மந்திரிக்கப்படுவதும், இன்னொரு சபையில் மத்தேயு நற்செய்தியின் விண்மீன் பகுதி வாசிக்கப்படுவதும் இதனால்தான். ஆர்மீனியத் திருச்சபை மட்டும் இந்தப் பிரிப்பை ஏற்காமல் பிறப்பையும் திருமுழுக்கையும் இன்றுவரை ஜனவரி 6 அன்றே சேர்த்துக் கொண்டாடுகிறது. அவர்களுடைய நாட்காட்டியில் இரண்டு விழாக்களுக்கும் இடைவெளியே இல்லை என்பதால் பன்னிரண்டு நாள் என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை.

இடைவெளியாக நின்றதை ஒரே விழாக்காலமாக வரையறுத்த பழைய சான்று, 567ஆம் ஆண்டு பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர் சங்கத்தின் விதி. பிறப்பு விழாவிலிருந்து திருக்காட்சி விழா வரை எல்லா நாட்களும் திருநாட்களே என்று கூறும் அந்த விதி, ஜனவரித் தொடக்கத்தில் மூன்று நாட்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. புத்தாண்டையொட்டிய பிற சமயக் களியாட்டங்களுக்கு எதிராக அந்த நாட்களில் வழிபாட்டுப் பாடல்களும் நோன்பும் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. தொடக்கத்திலேயே இந்தப் பன்னிரண்டு நாட்கள் இடையறாத விருந்தாக இருந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

இன்றைய நடைமுறைக்கு வந்தால், உங்கள் கணக்கைக் குலைக்கக்கூடிய இன்னொன்று உண்டு. 1969ஆம் ஆண்டின் கத்தோலிக்க நாட்காட்டிச் சீர்திருத்தப்படி, திருக்காட்சி, திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய கடன் திருநாளாக இல்லாத நாடுகளில் அந்த விழா ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்படுகிறது. 2024ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 6 சனிக்கிழமையாக அமைந்ததால் அந்நாடுகளில் விழா மறுநாள் 7ஆம் தேதி வந்தது. வழக்கமாக அடுத்த ஞாயிறு வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா 8ஆம் தேதி திங்கட்கிழமைக்கு இழுக்கப்பட்டு, அத்துடன் கிறிஸ்து பிறப்புக் காலமும் முடிந்தது. 2026இல் 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. எனவே ஞாயிறு முறைப்படி விழா 4ஆம் தேதி, திருமுழுக்கு விழா 11ஆம் தேதி. பன்னிரண்டாம் நாள் வருவதற்கு முன்னரே திருக்காட்சி முடிந்துவிடுகிற ஆண்டு அது. ஆகையால் உங்கள் ஆலயத்தின் விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பன்னிரண்டு நாட்களைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். டிசம்பர் 25இலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். மேலும், பன்னிரண்டு நாட்கள் என்பதும் வழிபாட்டு நூல் கூறும் கிறிஸ்து பிறப்புக் காலம் என்பதும் ஒன்றல்ல. பின்னது திருமுழுக்கு விழா வரை நீள்கிறது.

ரஷ்யா போன்ற நாடுகளில் ஜனவரி 7 அன்று கொண்டாடப்படுவதைத் திருக்காட்சியோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பழைய ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25. இரு நாட்காட்டிகளுக்கும் இப்போது பதின்மூன்று நாள் வேறுபாடு இருப்பதால் நமக்கு அது 7ஆம் தேதியாகத் தெரிகிறது. அவர்களுடைய ஜனவரி 6 நம் ஜனவரி 19இல் வருகிறது. 7ஐ ஒன்று என்று வைத்து எண்ணினால் பன்னிரண்டாம் நாள் 18. அவர்களுடைய திருமுழுக்குப் பெருவிழா, இங்கே போலவே, அதற்கு மறுநாள்.