ஒன்பதால் வகுத்துப் பார்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் 'சீட்டு' கதையில், ஆடிட்டர் ஆபீஸில் முதல் நாள் சேர்ந்த பையன் காலையெல்லாம் கணக்கு டேலி ஆகாமல் தவிக்கிறான். அந்த அக்கா "9-ஆல் வகுத்துப் பார்" என்று ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தப்பு எங்கே என்று வாயால் சொல்லியிருக்கலாமே? இதில் என்ன பரிவு இருக்கிறது?
– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பையன் நான்தான். செப்டம்பர் மாதம். 30-ஆம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகள் போயாக வேண்டும். ஆளாளுக்கு ஃபைலும் போனுமாக இருந்தார்கள். உட்கார நாற்காலி இல்லாததால் வவுச்சர் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். கைவியர்வையில் பச்சை டிக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பரவின.

எனக்குக் கிடைத்தது ஒரு கடையின் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. வங்கி காட்டிய இருப்பிலிருந்து, கடை கொடுத்து வங்கிக்கு இன்னும் வராத செக்குகளைக் கழித்தாயிற்று, வங்கி பிடித்த கட்டணங்களையும் சேர்த்தாயிற்று. அப்படியும் கடைப் புத்தகத்தில் 900 ரூபாய் கூடுதலாக நின்றது. 900 ரூபாய்க்கு ஒரு வரவோ செலவோ இருக்கும் என்று மூன்று முறை தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். 900-ஐ வகுத்தால் 100. அப்படியானால் மாறியவை ஆயிரமும் நூறும் இருக்கும் இடங்கள், அவற்றின் இலக்கங்களுக்குள் ஒன்றுதான் வித்தியாசம். பிறகு 900-ஐத் தேட வேண்டியதில்லை. 4-ம் 5-ம் போல அடுத்தடுத்த இலக்கங்களில் தொடங்கும் தொகைகளைப் பார்த்தால் போதும். பத்து நிமிடத்தில் கிடைத்தது: கடை கொடுத்த 5,460 ரூபாய் செக்கைப் புத்தகத்தில் 4,560 என்று எழுதியிருந்தார்கள்.

கதையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வகுபட்டால் இதுதான் தப்பு என்று முடிவு கட்ட முடியாது. 100-ஐ 1,000 என்று எழுதினாலும் அதே 900தான் வரும். அவள் "பார்" என்று மட்டும் எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வாயால் சொல்லியிருந்தால் அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் கேட்டிருப்பார்கள். புதுப்பையனுக்கு ஒரு செக் பிடிபடவில்லை என்பதே அன்றைக்கு என் பெயராகியிருக்கும். அவள் ஃபைல் எடுக்கப் போகிறவள் போல வந்து, பழைய கவுண்டர்ஃபாயிலின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, என் ஸ்கேலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். அன்று அவள் மேசையில் முடிக்க வேண்டிய ஃபைல்கள் என் தலை உயரத்துக்கு இருந்தன.

ஒரு மணிக்கு சார் வந்து கேட்டார். "டேலி ஆயிடுச்சு சார்" என்றேன். "நீயே கண்டுபிடிச்சியா?" என்றார். அக்கா நிமிரவே இல்லை, கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்புடன்.