பேத்தியின் பெயர் சூட்டு விழாவில் தாத்தாவின் வாழ்த்து

அன்புள்ள ஐயா,

என் மகள் கோட்டயத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளையை மணந்திருக்கிறாள். வரும் ஞாயிறு திருச்சியில் எங்கள் வீட்டில் பேத்தியைத் தொட்டிலிட்டுப் பெயர் சூட்டுகிறோம். பெயர் நிலா மரியம். இரண்டாவது, சம்பந்தி அம்மாளின் பெயர். அவர் பிரசவத்துக்குப் பின் பத்து நாள் எங்களோடு தங்கி, என் மனைவியோடு மாறி மாறி இரவில் விழித்திருந்தார். அவர்கள் தரப்பில் வரும் 20 பேருக்கும் தமிழ் ஓரளவுதான் புரியும். நான் வாழ்த்திப் பேச வேண்டுமாம். எவ்வளவு நேரம் பேசலாம்? எதைச் சொல்வது? கடவுளை எந்தப் பெயரால் குறிப்பிடுவது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேச்சுக்கு வேண்டியது முழுவதும் குழந்தையின் பெயரிலேயே இருக்கிறது. நாம் நிலா என்று சந்திரனைச் சொல்கிறோம். மலையாளத்தில் நிலாவு என்றால் அதன் ஒளி. மொழிபெயர்ப்பு இல்லாமலே இரு தரப்புக்கும் விளங்கும் சொல் இது. மரியம் என்ற பெயரை உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் தயக்கத்தோடு கேட்கக்கூடும். ஆனால் முதல் பெண் குழந்தைக்குத் தந்தையின் தாய் பெயரை இடுவது கோட்டயத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் நாமும் பெயரன் என்று சொல்லி, அதுவே பேரன் என்றாகியிருக்கிறது. எனவே அந்தப் பெயருக்கு நீங்கள் விளக்கமோ சமாதானமோ சொல்ல வேண்டாம். உரிமையோடு சொன்னால் போதும்.

கடவுளைத் தெய்வம் என்றே சொல்லுங்கள். கேரளத்துக் கிறித்தவர்கள் தங்கள் வழிபாட்டிலும் அன்றாடப் பேச்சிலும் புழங்கும் சொல் அது. குலதெய்வம் கும்பிடும் உங்கள் வீட்டுக்கும் அது அந்நியமல்ல. இரு மதத்துத் தெய்வங்களின் பெயர்களையும் அடுத்தடுத்து அடுக்கினால், யார் பெயர் முதலில் வந்தது என்று கவனிக்கும் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார்.

நேரம் ஒன்றரை நிமிடம். காதில் மூன்று முறை பெயர் சொல்லி முடித்த பிறகே நீங்கள் எழ வேண்டும். அதற்கு முன் பேசினால், பெற்றோர் முதன்முதலாகச் சொல்ல வேண்டிய பெயரை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். பதினாறும் பெற்று வாழ்க என்பது மணமக்களுக்கு உரிய வாழ்த்து, இங்கே வேண்டாம். குழந்தையின் மூக்கு யாருடையது என்ற பேச்சும், அடுத்தது ஆணாகட்டும் என்ற ஆசையும் வேண்டாம். திருமணம் நடந்த கதையையும் தொடாதீர்கள். இப்படிப்பட்ட ஒரு விழாவில் ஒரு பெரியவர், "முதலில் எங்களுக்குச் சம்மதமில்லை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது" என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். தொட்டிலருகில் நின்றிருந்த குழந்தையின் தாய், அதுவரை இழுத்துக்கொண்டிருந்த தொட்டில் கயிற்றை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பேசுவேன்:

"எல்லோருக்கும் வணக்கம். என் பேத்தியின் காதில் இப்போதுதான் அவள் பெயரைச் சொன்னார்கள். நிலா மரியம். நாங்கள் வானத்தில் இருப்பதை நிலா என்கிறோம். கோட்டயத்திலிருந்து வந்திருக்கும் நீங்கள், அது முற்றத்தில் விரிக்கும் வெளிச்சத்தை நிலாவு என்கிறீர்கள். இவளுக்கு இரண்டும் சொந்தம். மரியம், இவளுடைய அம்மச்சியின் பெயர். இவள் பிறந்த பிறகு பத்து இரவுகள், அம்மச்சி விழித்திருந்தபோது அம்மாச்சி தூங்கினாள். அம்மாச்சி விழித்திருந்தபோது அம்மச்சி தூங்கினார். அந்த இரண்டு மடியின் சூடும் இவளுக்கு ஆயுள் முழுவதும் இருக்கட்டும். நிலா, நீ நோயில்லாமல் வளர வேண்டும். திருச்சியும் உன் ஊர், கோட்டயமும் உன் ஊர். தெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும். மோளே, நன்னாயி வரட்டே."

கடைசி வாக்கியம், மகளே நீ நன்றாக வர வேண்டும் என்று மலையாளிப் பெரியவர்கள் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சொல்லும் வாழ்த்து. மலையாளத்தில் அந்த ஒன்று போதும். பேச்சு முழுவதையும் தட்டுத்தடுமாறி அம்மொழியில் பேசினால், அவர்களுடைய கவனம் உங்கள் உச்சரிப்பின் மீது போய்விடும். அந்த ஒரு வாக்கியத்தை மருமகனிடம் முந்தின நாள் இரண்டு முறை சொல்லிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தாயின் தாயை அம்மாச்சி என்று அழைக்காமல் அம்மாயி என்றுதான் அழைப்பீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். அம்மச்சிக்கும் அம்மாச்சிக்கும் உள்ள ஓசைப் பொருத்தத்துக்காக வீட்டில் இல்லாத ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டாம்.

பேச்சைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த இரவுகளைப் பற்றிய வரியில் தொண்டை அடைக்கும். மைக் வைத்தால் தொட்டிலுக்கு எதிர்ப்புறம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். "நிலா" என்று அவளை நேராக அழைக்கும் இடத்தில் மட்டும் மைக்கை விட்டு, தொட்டிலருகில் போய்க் குனிந்து சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.