நாய்க்குட்டி வருமுன் வீட்டைத் தயார் செய்வது

மூன்று மாதக் குட்டி வருகிறது. ஒயர், மாத்திரை, பினாயில், பால்கனி, இதெல்லாம் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆபத்தானவை குட்டியின் வாய்க்கு எட்டாமல் செய்வதுதான் வேலை. தவழும் குழந்தை போல அதுவும் எல்லாவற்றையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். 3 முதல் 6 மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு நமநமவென்று இருப்பதால் ஒயரைக் கடிக்கும்.

சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றி வையுங்கள். ஃபிரிட்ஜ் ஒயரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். கடித்துவிட்டால் முதலில் மெயினை அணைத்துவிட்டு, அப்புறம் குட்டியைத் தொடுங்கள். உதட்டில் சின்னச் சூட்டுக் காயம் மட்டும் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். நுரையீரலில் நீர் கோத்து, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கலாம்.

மாத்திரை அட்டையைப் பல்லாலேயே கிழித்துவிடும், அதனால் மூடிய அலமாரிதான் சரி. பினாயில் போட்ட தரை காயும்வரை உள்ளே விடாதீர்கள்; நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். பால்கனிக் கம்பிக்கிடையே தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், வலை கட்டுங்கள்.

குட்டி எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தால் போதும் என்பது தவறு: ஆசிட் போன்றவை திரும்பி வரும்போது தொண்டையை மறுபடி புண்ணாக்கும், அந்த உப்பே விஷமாகலாம்.